குழந்தையின் இதயத்தில் கேட்கும் முணுமுணுப்பு: எது இயல்பு, எது நோய்?

(நமது ஜமாஅத்தின் மருத்துவ வழிகாட்டல் கூட்டத்தில் குழந்தைகள் நல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"குழந்தைகளின் இதய நோய்" என்னும் தலைப்பில் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். அது பெருங்கடல். ஒரு மணி நேரத்தில் அதைக் கடக்க இயலாது. ஆதலால் நம் திண்டுக்கல் வீடுகளில் அடிக்கடி குழப்பம் விளைவிக்கும் ஒரே ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். காய்ச்சலுக்காகவோ தடுப்பூசிக்காகவோ குழந்தையைக் காட்டச் செல்கிறோம். மருத்துவர் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, "இதயத்தில் மர்மர் கேட்கிறது" என்கிறார். அந்த ஒரு சொல் வீட்டிற்கு வந்து சேர்வதற்குள் "இதயத்தில் ஓட்டை" என்று மாறிவிடுகிறது. மர்மர் என்றால் முணுமுணுப்பு. அது நோயின் பெயரன்று, ஓர் ஒலியின் பெயர். அந்த ஒலி எப்போது பொருட்படுத்த வேண்டாதது, எப்போது உடனே மேற்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டியது என்பதே இன்றைய பேச்சு.

என்னிடம் வந்த இரு குழந்தைகளைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். பெயர், ஊர் வேண்டாம்.

முதற்குழந்தை ஒன்பது வயதுச் சிறுமி. ஐந்து வயதில் காய்ச்சலோடு ஒரு மருத்துவமனைக்குச் சென்றபோது சீட்டில் "மர்மர்" என்று எழுதப்பட்டிருக்கிறது. மறுமுறை வந்து காட்டும்படி சொன்னார்களா, சொல்லியும் இவர்கள் போகவில்லையா என்பது தெளிவாகவில்லை. அன்று முதல் நான்கு ஆண்டுகள் அந்தப் பெண் ஓடியதில்லை. பள்ளியில் விளையாட்டு வகுப்பு வந்தால் மரத்தடியில் உட்கார வைத்தார்கள். மாடிப்படி ஏற அத்தா தூக்கிச் சென்றார். "நாளை ஒரு சம்பந்தம் வந்தால் என்ன சொல்வது?" என்பது தாயாரின் கண்ணீர். நான் பரிசோதித்தேன், பிறகு எக்கோ பரிசோதனையும் செய்யப்பட்டது. அவள் இதயம் முற்றிலும் நலமாக இருந்தது. நான்கு ஆண்டுகளாக அக்குழந்தையைப் பிடித்திருந்தது இதய நோயன்று, இதய நோய் பற்றிய அச்சம்.

இரண்டாவது, ஐந்து வயதுச் சிறுவன். தாயார் வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலை ஒன்றில் வேலை பார்ப்பவர். பையன் நன்றாக ஓடுவான், ஆடுவான். ஆனால் ஆண்டில் ஐந்தாறு முறை நெஞ்சுச் சளி பிடிக்கும். உடன் படிப்பவர்களைக் காட்டிலும் சற்று மெலிந்திருந்தான். அவனுக்குக் கேட்டதும் மெல்லிய முணுமுணுப்பே. முன்னரே கேட்ட ஒருவர், "சின்னச் சத்தம்தான், வளர வளரப் போய்விடும்" என்று ஆறுதல் கூறி அனுப்பியிருந்தார். அவனுக்கு இதயத்தின் மேலறைகளுக்கு இடையிலான சுவரில் 14 மில்லிமீட்டர் அளவுக்குத் துளை இருந்தது.

இருவர் மார்பிலும் கேட்ட ஒலி ஏறத்தாழ ஒரே அளவு மெல்லியது. ஒருத்திக்கு நோயில்லை, ஒருவனுக்கு நோயிருந்தது. அப்படியானால் வேறுபாட்டை எங்கே காண்பது?

முதலில் அந்த ஒலி எவ்வாறு பிறக்கிறது என்று பார்ப்போம். நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் மெதுவாகப் போனால் ஓசை இராது. அழுத்தம் கூடி வேகமாகப் பாய்ந்தால் சலசலப்புக் கேட்கும். குழாய் நன்றாகவே இருக்கிறது, பாய்ச்சல்தான் வேகம். அதே குழாயில் ஓரிடம் நசுங்கியிருந்தாலும், விரிசல் வழியே நீர் பீறிட்டாலும் ஓசை கேட்கும். அங்கே பழுதிருக்கிறது. குழந்தையின் இதயம் விரைவாகத் துடிப்பது. மார்புச் சுவரோ மெல்லியது. ஆகவே இயல்பான இரத்த ஓட்டமே நம் காதுக்கு எட்டிவிடுகிறது. காய்ச்சலிலும் இரத்த சோகையிலும் ஓட்டம் மேலும் விரைவதால் ஒலி இன்னும் தெளிவாகக் கேட்கும். நலமான குழந்தைகளில் பாதிப்பேருக்காவது வளரும் பருவத்தில் ஏதோ ஒரு நாள் இத்தகைய ஒலி கேட்கக்கூடும். பிறவி இதயக் கோளாறோ ஆயிரம் குழந்தைகளில் எட்டு அல்லது ஒன்பது பேருக்கே உண்டு. இவ்விரு கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால், முணுமுணுப்புக் கேட்ட குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு நோயில்லை என்பது விளங்கும்.

இந்த நலமான ஒலிகளில் மிகுதியாகக் கேட்பதற்கு "ஸ்டில் மர்மர்" என்று பெயர். லண்டனில் குழந்தை மருத்துவராக விளங்கிய ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டில் என்பவர் 1909-ஆம் ஆண்டில் தம் நூலில் இதனை விவரித்தார். இழுத்துக் கட்டிய நரம்பைச் சுண்டினால் எழும் அதிர்வைப் போன்றது இது என்றார். கரகரப்பற்ற, இனிமையான, குறுகிய ஒலி. இரண்டு வயது முதல் ஏழு வயது வரை அதிகம் கேட்கும். மார்பெலும்பின் இடப்பக்கக் கீழோரத்தில் கேட்கும். குழந்தையைப் படுக்க வைத்தால் தெளிவாகவும், எழுந்து நிற்க வைத்தால் மெலிந்தும் மறைந்தும் போகும்.

இந்த இறுதி அடையாளம் மிக முக்கியமானது. படுத்திருக்கும்போது இரத்தம் இதயத்திற்கு அதிகமாகத் திரும்புகிறது, நின்றால் குறைகிறது. ஓட்டத்தால் மட்டும் பிறந்த ஒலி, ஓட்டம் குறைந்ததும் அடங்கிவிடுகிறது. துளையாலோ சுருக்கத்தாலோ பிறந்த ஒலி பெரும்பாலும் அவ்வாறு அறவே அடங்குவதில்லை. இரண்டு வயதைக் கடந்த குழந்தையிடம் படுக்கையில் கேட்ட ஒலி, நிற்க வைத்ததும் முழுவதும் மறைந்துவிடுமானால் அது நலமான ஒலி என்பதற்கு வலுவான சான்று. கருவி எதுவும் வேண்டாத சோதனை இது. மாறாக, நின்றவுடன் ஒலி வலுக்குமானால் அது எச்சரிக்கை. இதயத் தசை தடித்துப் போகும் நோயில் அவ்வாறு நிகழும்.

இன்னொரு நலமான ஒலியும் உண்டு. கழுத்துச் சிரையில் இரத்தம் இறங்கும் இரைச்சல் அது. வலப்பக்கக் காறையெலும்பின் அருகே, உட்கார்ந்திருக்கும்போது, வண்டின் ரீங்காரம்போல் இடைவிடாமல் கேட்கும். படுக்க வைத்தாலோ, கழுத்தைத் திருப்பினாலோ, சிரைமீது விரலை மெல்ல வைத்தாலோ உடனே நின்றுவிடும்.

இவற்றிலிருந்து ஒரு பொது இலக்கணத்தைப் பெறலாம். நலமான ஒலி மெல்லியது, குறுகியது, ஓரிடத்தில் மட்டும் கேட்பது, கிடை மாறினால் மாறுவது. கழுத்து இரைச்சல் நீங்கலாக, இதயம் சுருங்கும் நேரத்தில் மட்டுமே எழுவது. அதனோடு வேறு எந்த அசாதாரண ஒலியும் சேர்ந்திராது. எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தை நலமாக இருக்கும். இவற்றுள் ஒன்று பொருந்தாவிட்டாலும் "நலமான ஒலி" என்று முடிவு கட்டலாகாது.

இனி அந்தச் சிறுவனிடம் வருவோம். அவனுக்கும் ஒலி மெல்லியதுதான், குறுகியதுதான். அவனைக் காட்டிக்கொடுத்தது முணுமுணுப்பன்று. அதையடுத்து வந்த இதய ஒலி. இதயம் "லப்-டப்" என்று ஒலிக்கிறது என்பது யாவரும் அறிந்தது. "டப்" என்பது இரண்டு வால்வுகள் மூடும் ஓசை. நாம் மூச்சை உள்ளிழுக்கும்போது அவ்விரண்டும் சற்றே பிரிந்து "ட-டப்" என்று கேட்கும். மூச்சை விடும்போது மீண்டும் ஒன்றாகிவிடும். நலமான இதயத்தின் அடையாளம் இந்த அசைவு. அச்சிறுவனிடமோ மூச்சை இழுத்தாலும் விட்டாலும் அந்தப் பிளவு மாறாமல், அகன்றே நின்றது. மேலறைகளுக்கு நடுவே துளையிருந்தால், இடப்பக்க இரத்தம் வலப்பக்கம் கசிந்து, நுரையீரலுக்குச் செல்லும் வால்வு எப்போதும் தாமதித்தே மூடும். அதனால்தான் பிளவு அசைவதில்லை. இங்கே முணுமுணுப்பு துளையிலிருந்து எழுவதுமில்லை. மிகுதியான இரத்தம் நுரையீரல் வால்வைக் கடப்பதால் எழுவது அது. எனவேதான் நலமான ஒலியைப் போலவே மெல்லியதாக இருந்து ஏமாற்றுகிறது.

அழாமல் அமைதியாக இருக்கும் குழந்தையிடம், சத்தமில்லாத அறையில், ஒரு நிமிடமாவது மார்பின் இடப்பக்க மேற்பகுதியில் காது கொடுத்தால்தான் இது புலப்படும். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் தவறிப் போவது இங்கேதான். ஆகவே தாய்மார்களே, மருத்துவர் நெஞ்சில் காது கொடுக்கும்போது குழந்தையை அமைதியாக வைத்திருப்பது நீங்கள் செய்யக்கூடிய பேருதவி. குழந்தை அழுதுகொண்டே இருந்தால், "இன்னொரு நாள் கொண்டு வரட்டுமா?" என்று நீங்களே கேளுங்கள்.

அச்சிறுவனுக்குத் தொடை இரத்தக்குழாய் வழியே ஒரு மூடியைச் செலுத்தித் துளையை அடைத்தார்கள். நெஞ்சைத் திறக்க நேரவில்லை. துளையைச் சுற்றிப் போதிய விளிம்பு இருந்தால்தான் இம்முறை இயலும். விளிம்பு இல்லையேல் அறுவைச் சிகிச்சையே வழி. ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைந்த துளைகள் பல தாமே மூடிக்கொள்வதுண்டு. இவனுடையது அவ்வாறு மூடக்கூடியதன்று. விட்டிருந்தால் என்ன ஆகும்? பள்ளிப் பருவம் முழுவதும் ஒன்றும் தெரிந்திராது. முப்பது, நாற்பது வயதில் மூச்சிரைப்பும், இதயத் துடிப்பின் தாறுமாறும், நுரையீரல் இரத்த அழுத்தமுமாக வெளிப்பட்டிருக்கும்.

இதிலிருந்து நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. ஒலியின் உரப்பு நோயின் அளவுகோலன்று. கீழறைகளுக்கு இடையே சிறு துளை இருந்தால் மார்பே அதிரும்படி ஒலிக்கும்; அக்குழந்தை பெரும்பாலும் நன்றாகவே வளரும், பல துளைகள் தாமே மூடியும் விடும். பெரிய துளையோ பிறந்த அன்று ஒலிக்காமலே இருக்கலாம். ஏனெனில் பிறந்தவுடன் நுரையீரலின் அழுத்தம் உயர்ந்திருப்பதால் துளை வழியே இரத்தம் பாய்வதில்லை. நாள்கள் செல்லச் செல்ல அந்த அழுத்தம் இறங்கி, நான்கு முதல் எட்டு வாரங்களுக்குள் நுரையீரலில் இரத்தம் வெள்ளமாய்ப் புகத் தொடங்கும். "பிறந்தபோது பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள்" என்பது உண்மையாகவே இருக்கும். எனினும் ஆறாவது வாரத் தடுப்பூசிக்குச் செல்லும்போது மீண்டும் ஒருமுறை நெஞ்சைக் கேட்கச் சொல்லுங்கள்.

கைக்குழந்தையிடம் ஒலியை விடப் பால் குடிக்கும் விதமே அதிகம் பேசும். பாலூட்டுவதுதான் அதற்கு ஓட்டப் பந்தயம். இரண்டு வாய் குடித்துவிட்டு மூச்சு வாங்கி நிறுத்துகிறதா? அரைமணி நேரமாகியும் வயிறு நிறையாமல் களைத்து உறங்குகிறதா? குடிக்கும்போது நெற்றியில் வியர்வை முத்து முத்தாக அரும்புகிறதா? அமைதியாக உறங்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு மூச்சு அறுபதோ அதற்கு மேலோ இருந்தாலும், இரண்டு மாதத்திற்குப் பின் ஓராண்டு வரை ஐம்பதோ அதற்கு மேலோ இருந்தாலும் அது மிகுதி. எடையும் ஏறாவிட்டால் ஐயமே வேண்டாம். "பால் பற்றவில்லை" என்று தாயைக் குறை கூறி மாதங்களைக் கடத்துவது நம் வீடுகளில் நடக்கும் பெருந்தவறு. இங்கே குறை தாயிடமில்லை.

நீலம் பாரித்தல் பற்றியும் ஒரு சொல். பிறந்த குழந்தையின் கையும் காலும் குளிரில் நீலமாவது இயல்பே. நாக்கும் உதட்டின் உட்புறமும் நீலமாவது இயல்பன்று. நம் நிறத்தில் தோலைப் பார்த்துத் தெரிந்துகொள்வது கடினம், நாக்கைப் பாருங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி 95-க்குக் கீழே காட்டினால், குழந்தை நன்றாகத் தோன்றினாலும் அனுப்பியாக வேண்டும். நீல நோய்களில் சிலவற்றில் முணுமுணுப்பே இராது. வேறு சிலவற்றில், குழந்தை அழுது மேலும் நீலமாகும் வேளையில், இருந்த முணுமுணுப்பும் குறைந்துவிடும். அங்கே ஒலி அடங்குவது ஆபத்தின் அறிகுறி. அவ்வேளையில் குழந்தையின் முழங்கால்களை மார்போடு மடக்கி அணைத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

பெரிய பிள்ளைகளிடம் வேறொரு கதை. ஐந்து முதல் பதினைந்து வயதுக்குள், தொண்டை வலி வந்து இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின் காய்ச்சலும், ஒரு மூட்டிலிருந்து மற்றொரு மூட்டுக்குத் தாவும் வலியும் வீக்கமும் வந்தால் அது ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். அது இதய வால்வுகளைத் தாக்கும். முன்பு இல்லாத முணுமுணுப்பு இடது மார்பின் நுனியில் தோன்றி அக்குள் வரை பரவும். இது பிறவி நோயன்று. எனவே "சிறு வயதிலேயே எக்கோ எடுத்தோம், நன்றாக இருந்தது" என்று அமைதி கொள்ள இயலாது. இப்பிள்ளைகளுக்கு மூன்று வாரத்திற்கு ஒருமுறை பென்சிலின் ஊசி பல ஆண்டுகள் தவறாமல் போட வேண்டும். வலி நின்றதும் ஊசியை நிறுத்துவதால்தான் வால்வு மீண்டும் மீண்டும் கெடுகிறது.

அப்படியானால் யாரை அனுப்புவது, எத்தனை விரைவாக அனுப்புவது? இவ்விதழைக் கையில் வைத்திருக்கும் பெற்றோருக்கும், பள்ளி ஆசிரியர்களுக்கும், கிராம சுகாதார செவிலியர்களுக்கும் பயன்படும் வகையில் மூன்றாக வகுத்துச் சொல்கிறேன்.

அன்றே, தாமதமின்றி: நாக்கு நீலமாதல், பால் குடிக்க இயலாத அளவு மூச்சிரைப்பு, கைக்குழந்தை வெளிறித் துவண்டுபோதல், தொடை மடிப்பில் நாடி கிடைக்காமை. இந்த இறுதி அடையாளம், உடலின் கீழ்ப்பகுதிக்குச் செல்லும் பெருந்தமனி சுருங்கியிருப்பதைக் காட்டும். பிறந்த முதல் இரண்டு வாரங்களில் இது திடீரென உயிருக்கே ஆபத்தாகும். ஓடும்போது மயங்கி விழுந்த பிள்ளையும் இவ்வரிசையில் சேரும்.

சில நாள்களுக்குள்: பிறந்த சில வாரங்களுக்குள் கேட்கும் முணுமுணுப்பு, குழந்தை நன்றாயிருப்பினும், எடை ஏறாமையும் பால் குடிக்கையில் வியர்வையும், மூட்டு வலியோடு புதிதாய்த் தோன்றிய ஒலி.

சில வாரங்களுக்குள்: கை வைத்தால் அதிர்வு தெரியும்படி உரத்த ஒலி, கரகரப்பான ஒலி, சுருங்கும் நேரம் முழுவதும் நீடிக்கும் ஒலி, இதயம் விரியும் நேரத்தில் கேட்கும் ஒலி, நின்றால் வலுக்கும் ஒலி, அசையாத "டப்" பிளவு. டவுன் நோய்க்குறி போன்ற பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு முணுமுணுப்பே கேட்காவிட்டாலும், பிறந்தவுடனே எக்கோ எடுத்தாக வேண்டும். உடன்பிறந்தவருக்கோ பெற்றோருக்கோ பிறவி இதய நோய் இருந்தாலும், இளம் வயதில் குடும்பத்தில் எவரேனும் திடீரென இறந்திருந்தாலும் மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்க மறந்திருக்கலாம்.

இவற்றுள் ஒன்றுமில்லாமல், இரண்டு வயதைக் கடந்து, காய்ச்சலின்போது மட்டும் மெல்லிய ஒலி கேட்ட குழந்தையை என்ன செய்வது? காய்ச்சல் தணிந்து இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி காட்டுங்கள். இரத்த சோகை இருந்தால் அதைச் சரிசெய்து கேட்கச் சொல்லுங்கள். ஒலி மறைந்திருந்தாலும், நலமான ஒலிக்குரிய எல்லா அடையாளங்களோடும் இருந்தாலும் போதும். ஐயம் நீங்காவிட்டால் எக்கோ எடுத்துவிடலாம், அது வலியற்றது. நெஞ்சு எக்ஸ்ரேயும் இ.சி.ஜி.யும் இயல்பாக இருப்பது மட்டும் துளை இல்லை என்பதற்கு உறுதியாகாது.

எங்கே செல்வது என்பதற்கும் வழி இருக்கிறது. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வருகின்றன. பிறப்பு முதல் பதினெட்டு வயது வரை பார்க்கிறார்கள். பிறவி இதய நோயும் ருமாட்டிக் இதய நோயும் அவர்கள் பட்டியலில் உண்டு. அவர்கள் சீட்டு எழுதிக் கொடுத்தால் அதை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்தில் காட்ட வேண்டும். நம் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் தொடங்கப்பட்டுவிட்டது. அடுத்த கட்டத்திற்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய அறுவைச் சிகிச்சையும் அடங்கும். அந்தச் சீட்டு அலமாரியில் கிடப்பதுதான் கவலைக்குரியது. ஜமாஅத்தின் இளைஞர்கள் ஒரு பணி செய்யலாம்: சீட்டு வாங்கிய குழந்தை மையத்திற்குப் போய்ச் சேர்ந்ததா என்று வீடு தேடிச் சென்று கேட்பது.

நிறைவாக முதற்குழந்தைக்கே வருகிறேன். எக்கோ முடிந்ததும் தாயார், "டாக்டர், இனி இவளை ஓட விடலாமா?" என்றார். "இன்றே விடுங்கள்" என்றேன். நலமான முணுமுணுப்புக்கு மருந்து இல்லை, பத்தியம் இல்லை, ஓய்வு இல்லை. பல் பிடுங்கும்போது தனி மருந்தும் தேவையில்லை. ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. "நலமான ஒலி, இதய நோய் இல்லை" என்று அந்த முடிவை எழுத்தில் வாங்கி, குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த காய்ச்சலில் வேறொரு மருத்துவர் அதே ஒலியைக் கேட்பார். அந்தக் காகிதம் கையில் இருந்தால் மற்றொரு நான்கு ஆண்டுகள் வீணாகாது. அச்சிறுமியின் தாயாரும் அவ்வாறே வாங்கிச் சென்றார். கதவு வரை நடந்த அக்குழந்தை, வெளியே சென்றதும் ஓடிய காலடி ஓசை உள்ளே எனக்குக் கேட்டது.